ஓயாமல் வடியும் கண்ணீர்

அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அது எப்படி? கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையின் மூக்குப் பக்க ஓரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அதன் வழியே போய், மூக்கெலும்பை ஒட்டிய கண்ணீர்ப்பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. வீட்டுத் தொட்டியும் சாக்கடைக் குழாயும் மாதிரிதான். குழாய் அடைத்தால் தொட்டி வழியும்.

எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படிக் கண் வடிந்தது. ஒருவருக்கு வயது இரண்டு மாதம், இன்னொருவருக்கு அறுபத்தெட்டு!

முதலில் பாப்பா. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் குழந்தை. வலது கண்ணில் மட்டும் எப்போதும் நீர். தூங்கி எழுந்தால் பூளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெள்ளை விழி சிவக்கவில்லை. பல குழந்தைகளுக்குக் குழாயின் கீழ் முனையில், மூக்குக்குள் திறக்கும் இடத்தில், மெல்லிய சவ்வு ஒன்று கிழியாமல் இருந்துவிடும். அதுதான் காரணம். "தாய்ப்பாலப் பீச்சி விடு, சரியாப் போகும்" என்றார்கள் சிலர். விளக்கெண்ணெய் என்றார்கள், மை என்றார்கள். இதில் எதுவும் அந்தச் சவ்வைத் திறக்காது. தேங்கி நிற்கும் நீரில் கிருமி வளரத்தான் உதவும்.

கண் டாக்டர் அக்காவுக்கு நீவி விடும் முறையைச் செய்து காட்டினார். 1923-லேயே கிரிக்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த முறை இது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சுண்டு விரலை கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே வைத்து அழுத்த வேண்டும். கண்ணீர்ப்பை அங்கேதான் இருக்கிறது. அழுத்தத்தை விடாமல் மூக்கின் பக்கவாட்டிலேயே கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மேல் வழியை விரல் அடைத்துக்கொள்வதால் பையில் உள்ள நீர் கீழே தள்ளப்பட்டு, அந்தச் சவ்வில் போய் முட்டும். சும்மா தோலைத் தடவினால் பயனில்லை. அதற்காக முரட்டுத்தனமும் கூடாது, விழிமேல் விரல் படவே கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. வெளியே வரும் பூளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், ஒரு முறை துடைத்த பஞ்சை மறுபடி தொடக்கூடாது.

நூறு குழந்தைகளில் சுமார் தொண்ணூறு பேருக்கு ஒரு வயதுக்குள் வழி திறந்துவிடும். இந்தப் பாப்பாவுக்கு ஐந்தாம் மாதத்தில் திறந்தது. ஒரு வயதாகியும் திறக்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் திறப்பார்கள். உள்மூலை சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ நீவக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது அடைப்பே இல்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடும் நோயாக இருக்கலாம். நீவிக்கொண்டு நாளைக் கடத்தினால் பார்வையே போய்விடும்.

இனி அப்பத்தா. பாப்பாவுக்கு நீவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒனக்கும் நீவி விடவா அப்பத்தா?" என்று அக்கா கேட்டதற்கு, "அட, விடேன் பார்ப்போம்" என்றாராம். இடது கண்ணின் மூலையை அழுத்தியதும் துளை வழியாகச் சீழ் வந்தது! ஆனால் நீர் வடிவது மட்டும் நிற்கவில்லை. பெரியவர்களுக்குக் கிழிவதற்குச் சவ்வு கிடையாது. வருடக்கணக்கான அழற்சியால் குழாயே சுருங்கிப் போயிருக்கும். அதை விரலால் திறக்க முடியாது.

கண்புரை முகாமில் அப்பத்தாவின் இமைத் துளையில் மழுங்கிய ஊசி வைத்து உப்பு நீர் செலுத்திப் பார்த்தார்கள். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். அப்பத்தாவுக்குக் கரிக்கவில்லை, நீர் சீழோடு திரும்பி வந்தது. "இந்தக் கண்ணுக்கு இப்போ புரை ஆபரேஷன் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். ஆனால் பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்து ஆபரேஷன் செய்தால் அந்தக் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையைப் பறித்துவிடக்கூடும். அதனால் முதலில் மூக்கெலும்பில் சிறு துளையிட்டு, கண்ணீர்ப்பையை நேராக மூக்கோடு இணைத்தார்கள். அது ஆறிய பிறகுதான் புரை எடுத்தார்கள்.

வயதானவர்களுக்கு எல்லாமே அடைப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். கீழ் இமை தளர்ந்து வெளியே மடிந்தால் துளை கண்ணீரைத் தொடாது. கண் வறண்டு உறுத்தினாலும், அதை ஆற்றக் கண்ணீர் அதிகமாகச் சுரக்கும். வறட்சிக்குக் கண்ணீர் வடிகிறது என்றால் வேடிக்கைதான்! முதலாவதற்கு இமையைச் சரிசெய்யும் சிறு ஆபரேஷன், இரண்டாவதற்குச் சொட்டு மருந்து. எது என்று கண்டுபிடிக்க அந்த உப்பு நீர்ச் சோதனைதான் பெரிதும் உதவும். அதற்குச் சில நிமிடம் போதும்.