தங்கத்தின் அவுன்ஸ் 28 கிராம் அல்ல

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குத் தங்க விலை மூன்று எடைகளில் வந்து சேர்கிறது. தெலுங்குத் தொலைக்காட்சி 10 கிராமுக்குச் சொல்கிறது. சென்னைச் செய்தி சவரனுக்கு, அதாவது 8 கிராமுக்குச் சொல்கிறது. உலகச் சந்தைச் செய்தியோ அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்கிறது. கணக்கு இடறுவது இந்த மூன்றாவதில்தான்.

நம்பிக்கை: ஒரு அவுன்ஸ் என்பது 28.35 கிராம்.

அது மற்ற சரக்குகளை நிறுக்கும் அவுன்ஸ். தங்கம், வெள்ளிக்கு டிராய் அவுன்ஸ் என்று தனி எடை உண்டு, அது 31.1035 கிராம். செய்தியில் பெரும்பாலும் வெறும் ‘அவுன்ஸ்’ என்றே போடுவார்கள். கைபேசியில் ounce என்று தட்டினால் 28.35தான் வரும், troy ounce என்று தட்ட வேண்டும்.

இந்தத் தவறு எவ்வளவு பெரியது? 2019 ஏப்ரலில், வங்கியில் முதலீடு செய்திருந்த திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 1,381 கிலோ தங்கம் திரும்பி வரும் வழியில், திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்தல் பறக்கும் படை அதை நிறுத்தியது நினைவிருக்கும். அது சுமார் 44,400 டிராய் அவுன்ஸ். 28.35ஆல் வகுத்தால் 48,700 ஆகிவிடும். அந்த அதிகப்படி 4,300 அவுன்ஸை டிராய் விலையால் பெருக்கினால், இல்லாத 134 கிலோ தங்கத்துக்கு விலை போட்டதாகிறது.

நம்பிக்கை: உலக விலைக்கும் கடைப் பலகை விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் கடைக்காரர் லாபம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவுன்ஸ் 3,110 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,110ஐ 31.1035ஆல் வகுத்தால் கிராமுக்கு 100 டாலர், அதாவது 8,500 ரூபாய். இது 24 காரட் சுத்தத் தங்கத்தின் விலை. இதன்மேல் இறக்குமதி வரி சேரும். 2024 ஜூலையில் அதை 15 சதவீதத்திலிருந்து 6ஆகக் குறைத்தார்கள். அந்த 6ஐச் சேர்த்தால் 9,010 ரூபாய். நகைக்கடைப் பலகையில் இருப்பது 22 காரட், ஆகவே 0.916ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 8,250. சவரன் 66,000. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் பில் போடும்போது தனியாக ஏறும். வரி விகிதம் மாறக்கூடியது, அன்றைய விகிதத்தைப் போடுங்கள்.

இதே கணக்கை 28.35ஆல் போட்டால் வரிக்கு முன்பே கிராம் 9,325 வரும். வரி கட்டி வந்த 24 காரட்டின் விலையைவிட அது அதிகம்! உலகச் சந்தையைவிட உள்ளூரில் தங்கம் மலிவு என்று உங்கள் கணக்கு சொன்னால், முதலில் எதால் வகுத்தீர்கள் என்று பாருங்கள்.

‘அவுன்ஸுக்கு 50 டாலர் ஏற்றம்’ என்ற செய்தியையும் இப்படியே வகுத்துப் படிக்க வேண்டும். கிராமுக்கு அது 1.61 டாலர், வரிக்கு முன் சுமார் 137 ரூபாய். அன்று ரூபாய் வலுத்திருந்தால் அதுவும் குறையும்.