நரைச் சாயமும் வேரில் தெரியும் வெள்ளையும்

மாநிறத் தோலுடையவர்களில் பலர் நரையை மறைக்கக் கடுங்கறுப்புச் சாயத்தையே வாங்குகிறார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்வதால், மூன்றாம் வாரத்திலேயே வகிட்டில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். அதைக் கண்டதும் மீண்டும் சாயம் பூசுவதே தவறு. நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா பினைலீன் டையமின் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. கருமையான நிறங்களில் அது பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

எனவே, பெரும்பாலான பெட்டிகளில் 3 அல்லது 4 என்று குறிக்கப்படும், செம்மை கலவாத பழுப்பு நிறத்தையே நாம் பரிந்துரைக்கிறோம். மாநிற முகத்துக்கு அது இயல்பாகப் பொருந்தும். முளைக்கும் நரையும் அவ்வளவாக எடுத்துக்காட்டாது.

ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, வேர்ப்பகுதிக்கு மட்டும் சாயம் பூசினால் போதும். இடைப்பட்ட நாட்களில், கழுவினால் போய்விடும் மறைப்புத் தூளையோ மெழுகுக் குச்சியையோ வகிட்டிலும் நெற்றியோரத்திலும் தடவலாம். யாங்கோனின் ஷ்வேப்யிதாவில் வாழும் நம்மவர்களுக்கு, மே முதல் ஒக்டோபர் வரையான மழையிலும் வியர்வையிலும் தூள் வழிந்துவிடும், குச்சியே ஏற்றது.

ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன், பெட்டியில் கூறியபடி காதின் பின்புறம் சிறிது சாயம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அந்தச் சாயம் வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.