தாத்தா அனுப்பிய செய்தி

கயல்விழி புதுதில்லியில் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். தஞ்சாவூரில் வாழும் அவளுடைய தாத்தா, ஒருநாள் மாலை குடும்பக் குழுவில் ஒரு செய்தியைப் பகிர்ந்தார். "சூடு பட்டால் உடனே கையைக் கோதுமை மாவுக்குள் 10 நிமிடம் புதைத்து வையுங்கள். கொப்புளம் வராது. அனைவருக்கும் பகிருங்கள்" என்று அதில் இருந்தது.

கயல்விழி பள்ளியில் முதலுதவி கற்றவள். "தாத்தா, இது பொய்" என்று குழுவிலேயே எழுதத் தொடங்கினாள். அம்மா அவளைத் தடுத்தார். "செய்தியைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால், உறவினர் எல்லாரும் பார்க்குமிடத்தில் இப்படி எழுதினால் தாத்தா தலைகுனிய நேரும். முதலில் அவரிடம் தனியாகப் பேசு" என்றார்.

கயல்விழி உடனே தொலைபேசியில் அழைத்தாள்.

"தாத்தா, சென்ற வாரம் அதிரசம் சுடும்போது அத்தையின் கையில் எண்ணெய் தெறித்ததே! அதை நினைத்துத்தானே இச்செய்தியை அனுப்பினீர்கள்?"

"ஆமாம் அம்மா. நண்பர் ஒருவர் அனுப்பினார். மாவு வைத்ததும் அவருக்குப் புண் ஆறிவிட்டதாம்."

"சிறிய சூட்டுப்புண் தானாகவே ஆறிவிடும் தாத்தா. அதனால் மாவுதான் ஆற்றியது என்று தோன்றுகிறது. உண்மையில் மாவு சூட்டைத் தணிக்காது. புண்ணில் ஒட்டிக்கொள்ளும், கிருமிகளும் சேரலாம். அதை நீக்கும்போது வலி மிகும்."

"அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?"

"வளையல், மோதிரத்தை உடனே கழற்ற வேண்டும், வீங்கினால் கழற்ற இயலாது. சூடுபட்ட இடத்தை ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. புண் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்."

தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை சொன்னாய். அச்செய்தியை அழித்துவிடுகிறேன்" என்றார்.

"அழித்தால் மட்டும் போதாது தாத்தா. படித்தவர்கள் மாவையே நினைவில் வைத்திருப்பார்கள். சரியான முறையை நீங்களே எழுதுங்கள். நீங்கள் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்."

அன்றிரவே குழுவில் தாத்தாவின் புதிய செய்தி வந்தது: "மாலையில் நான் அனுப்பியது தவறு. சூடு பட்டால் மாவு வேண்டா. 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். இதை எனக்குச் சொன்னவள் நம் கயல்."

"நானும் மாவு எடுத்து வைத்திருந்தேன் அப்பா, இனி நீர்தான்" என்று அத்தை பதில் எழுதினார்.

சொற்பொருள்

பகிர்தல் – பிறருக்கும் அளித்தல்
தணித்தல் – குறைத்தல்
தலைகுனிதல் – வெட்கப்படுதல்

வினாக்கள்

1. மாவு புண்ணை ஆற்றியது என்று நண்பர் நம்பியது ஏன்?
2. கயல்விழி தாத்தாவிடம் முதலில் எதைப் பற்றிப் பேசினாள்? ஏன்?
3. செய்தியை அழித்தால் மட்டும் போதாது என்று அவள் கூறியதன் காரணம் என்ன?
4. உங்கள் மாமா, "தீப்புண்ணுக்குப் பற்பசை தடவுங்கள்" என்று செய்தி அனுப்புகிறார். அவரிடம் தனியாகப் பேசுவதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக.