முழங்காலின் முன்புறத்தில் வீக்கமா?

தரையைத் தேய்த்துக் கழுவும்போதும், தொழுகையிலோ ஜெபத்திலோ மண்டியிடும்போதும் உடலின் எடை முழங்கால்களின் முன்புறத்தில் அழுத்துகிறது. அதனால் அங்கு ஏற்படும் வீக்கத்தைப் பற்றி இந்தக் கையேடு விளக்குகிறது.

வீக்கம் ஏன் வருகிறது?

முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே ‘பர்சா’ என்னும் மெல்லிய பை உள்ளது. தோல் எலும்பின்மேல் உரசாமல் நகர அது உதவுகிறது. அடிக்கடி அழுத்தம் பட்டால் அந்தப் பை அழற்சியடைந்து, அதில் நீர் கோக்கும். இதுவே பர்சைட்டிஸ்.

மூட்டுத் தேய்மானத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பர்சைட்டிஸ் வீக்கம் சில்லுக்கு நேர்மேலே, தோலுக்கு அடியில், மெத்தென்று புடைத்திருக்கும். மண்டியிட்டால் வலிக்கும், ஆனால் பெரும்பாலும் நடக்க முடியும். மூட்டுக்குள் நீர் கோத்தால், சில்லைச் சுற்றியும் அதற்கு மேலும் வீங்கும்; காலை மடக்குவதும் நீட்டுவதும் கடினமாகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீக்கம் வடியும்வரை மண்டியிடாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி, 15 நிமிடம் வரை, ஒரு நாளில் சில முறை வைக்கலாம். காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் ஐஸ் வைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் மருந்தாளரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்க வேண்டாம். ஊசியால் குத்தி நீரை எடுக்கவே கூடாது. கிருமி உள்ளே போய்விடும்.

எப்போது அவசரம்?

ஓர் உதாரணம்: நீரிழிவு உள்ள 68 வயது மாது ஒருவர், தீபாவளிக்கு முன் இரண்டு நாள் மண்டியிட்டுச் சமையலறைத் தரையைத் தேய்த்தார். மூன்றாம் நாள் முழங்காலில் மெத்தென்ற வீக்கம், வலி அதிகமில்லை. ஓய்வெடுத்தாலே போதும் என்ற நிலைதான் அது. ஆனால் அதே இடத்தில் தோல் சற்று உரிந்திருந்தது. ஐந்தாம் நாள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுட்டது. இரவில் குளிர்காய்ச்சல் வந்தது. தோல் உரிந்த வழியாகக் கிருமி பைக்குள் புகுந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவர் பலதுறை மருந்தகத்திற்குச் சென்றார். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் பையிலிருந்து சிறிது நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமிகளை அழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கினார். தாமதித்திருந்தால் தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம்.

ஆகவே சிவப்பு, சூடு, கூடிவரும் வலி, காய்ச்சல், வீக்கத்தின்மேல் புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் வீக்கம் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீண்டும் வராமலிருக்க

தரையைத் துடைக்க நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பானைப் பயன்படுத்துங்கள். மண்டியிட்டே ஆக வேண்டுமென்றால் தடித்த மெத்தையை வைத்துக்கொண்டு, அடிக்கடி எழுந்து நில்லுங்கள். வலி இருக்கும்வரை நாற்காலியில் அமர்ந்தே வழிபடலாம்.