குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது

பெரிய நோய் வந்த குழந்தை இருக்கிற வீட்டில் முதலில் மாறுவது பேச்சு. ‘ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்காம், ஊசி போட்டா சரியாயிடும்’ என்று அம்மா சொல்வாள். பார்க்க வரும் சித்தியையும் மாமாவையும் அப்பா வாசலிலேயே நிறுத்தி, உள்ளே எதைப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்புவார். அன்பினால் சொல்லும் பொய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுத்து நிற்கும் சில நம்பிக்கைகளைப் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவை தேறவில்லை.

நம்பிக்கை: நாம் சொல்லாவிட்டால் குழந்தைக்குத் தெரியாது.

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் மாதக்கணக்கில் இருந்தார். அங்கே ரத்தப் புற்றுநோய் கண்ட 3 முதல் 9 வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு மருந்து நோயைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். நோய் திரும்பி வரும், மருந்தை மாற்றுவார்கள். பல குழந்தைகளுக்கு மாற்ற மருந்து இல்லாத நாளும் வந்துவிடும். முடிவு என்ன என்று பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் அதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதைத்தான் 1978இல் வெளிவந்த அவருடைய புத்தகம் படிப்படியாகக் காட்டுகிறது.

முதல் படியில், தனக்கு வந்திருப்பது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று குழந்தை உணர்கிறது. திடீரென்று எல்லாரும் பொம்மை வாங்கி வருகிறார்கள், அம்மாவின் கண் சிவந்திருக்கிறது, யாரும் திட்டுவதில்லை. இதற்கு மேல் துப்பு வேண்டியதில்லை. அடுத்து மருந்துகளின் பெயர்களும், எது முடியைக் கொட்டவைக்கும், எது வாந்தியெடுக்கவைக்கும் என்பதும் மனப்பாடமாகின்றன. மூன்றாவதாக, எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுப்பது எதற்காக, அதன் முடிவு வந்த பிறகு என்ன நடக்கும் என்பது விளங்குகிறது. நான்காவதாக, நோய் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும் என்பது. ஐந்தாவது படிதான் கடினமானது. மருந்துகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, அவை தீர்ந்தால் சாவு என்று குழந்தை அறிந்துகொள்வது அப்போதுதான். நான்காவது படியில் நிற்கும் குழந்தையை ஐந்தாவதற்குத் தள்ளுவது அதே நோயுள்ள இன்னொரு குழந்தையின் மரணம். பக்கத்துக் கட்டில் காலியானதை அது கவனிக்கிறது. இறந்த பிள்ளைக்கு என்னென்ன மருந்து கொடுத்தார்கள், தனக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்கை முடித்துக்கொள்கிறது.

இத்தனையையும் யார் சொன்னார்கள்? முக்கியமாக மற்ற குழந்தைகள். பெரியவர்கள் காதில் விழாத இடங்களில், விளையாட்டு அறையிலும் கழிப்பறையிலும், அவர்கள் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். டாக்டரும் அப்பாவும் அறைக்கு வெளியே பேசியது மிச்சத்தைச் சொல்லிவிட்டது. தூங்குகிற பிள்ளை என்று நினைத்துப் பேசுவதில் உள்ள ஆபத்து எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நம்பிக்கை: சின்ன வயசு, புரியாது.

சாவு என்பது திரும்பி வராதது என்ற எண்ணம் ஒன்பது, பத்து வயதில்தான் முழுமையாக வருகிறது என்று அன்றைய உளவியலாளர்கள் பலர் எழுதிவந்தார்கள். நலமாக இருக்கும் குழந்தைகளை வைத்துச் சொன்ன கணக்கு அது. வார்டில் அது பொருந்தவில்லை. நோய் பலமுறை திரும்பிய நாலு வயதுக் குழந்தைக்கு, அப்போதுதான் வந்து சேர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளையைவிட அதிகம் தெரிந்திருந்தது. வயதைவிட அனுபவம் பேசியது.

நம்பிக்கை: கேள்வி கேட்கவில்லை என்றால் கவலையில்லை என்று அர்த்தம்.

என் கணிப்பில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். யூஜினியா வேக்டர் என்ற செவிலியர் ஆய்வாளர் 1971இல் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். நேராகக் கேட்டால் பிள்ளை அம்மாவுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் அல்லவா? அதனால் அவர் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். உயிருக்கு ஆபத்தான நோய் கொண்ட 16 பேரில் இருவர் மட்டுமே சாவைப் பற்றிய தங்கள் பயத்தைப் பெற்றோரிடம் பேசியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவினர் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் சாவு வந்தது. அவர்களுடைய பதற்றம் மற்ற நோயாளிக் குழந்தைகளின் பதற்றத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

அப்படியென்றால் வாய் திறக்காதது ஏன்? புளூபாண்ட்-லாங்னரின் பதில் பெற்றோரைக் கொஞ்சம் உலுக்கும். சாவைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் அழுதுவிடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள், தன்னருகே வருவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று குழந்தை கண்டுகொண்டது. அம்மாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் அம்மாவின் நாடகத்தில் தானும் நடிக்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் தெரியும், தெரியும் என்பதும் தெரியும், ஆனாலும் இருவரும் தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள். மருத்துவமனைகளில் நடக்கும் இந்த இருதரப்பு நடிப்பை கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1965இலேயே விவரித்திருந்தார்கள். பெரியவர்கள் ஆடும் ஆட்டம் என்று அவர்கள் எழுதியதை ஆறு வயதுப் பிள்ளையும் பிசகாமல் ஆடியது.

உற்றுப் பார்த்தால் நடிப்பு தெரியும். நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்துகிறது. பெரியவனானதும் என்ன ஆவேன் என்ற பேச்சு நின்றுபோகிறது. பல மாதம் கழித்து வரும் பண்டிகைக்கான பரிசை இப்போதே கேட்கிறது. இறந்துபோன குழந்தையின் பொம்மையைத் தொடுவதில்லை. பேச்சு ஆபத்தான இடத்துக்கு வந்துவிட்டால் ஏதாவதொரு சாக்கில் கோபித்துக் கத்தி, அம்மா வெளியே போக ஒரு வழி செய்துகொடுக்கிறது. அந்த வார்டில் குழந்தைகள் மிகவும் விரும்பிய கதைப் புத்தகம் ‘சார்லட்ஸ் வெப்’. கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் வாசித்துக் காட்டச் சொன்னது சிலந்தி சார்லட் சாகும் அத்தியாயத்தை.

நம்பிக்கை: பேசிவிட்டால் பிறகு காலமெல்லாம் உறுத்தும்.

சுவீடனில் 1992-1997இல் புற்றுநோய்க்குக் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் கேட்டு, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று உணர்ந்தும் பேசாமல் இருந்தவர்களில் வருந்தியவர்கள் கிட்டத்தட்ட பாதி. பேசாதவர்களில் பெரும்பாலோருக்கு வருத்தமில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. ஆகவே இதைக் காட்டி எல்லாரையும் பேசவைக்க முடியாது.

இன்று ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் பலர் குணமாகிறார்கள் என்பதால், பேச வேண்டியதும் அப்போதுபோல் சாவாக மட்டும் இல்லை. பள்ளிக்குப் போக முடியாத மாதங்களும், கொட்டிய முடியும், அடுத்த ஊசியும்கூட அந்தப் பொய்க்குள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் தவறு. புளூபாண்ட்-லாங்னரும் அப்படிச் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எப்போது, யார் என்பதுதான் அவர் முன்வைத்த கேள்வி. ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று பிள்ளை கேட்டால், ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று திருப்பிக் கேட்டு, அதற்கு எதுவரை தெரியும் என்று அறிந்து, கேட்ட அளவுக்குப் பதில் சொன்னால் போதும். ஒரே குழந்தை அம்மாவிடம் நடித்துக்கொண்டு, செவிலியரிடம் வெளிப்படையாகப் பேசுவதும் உண்டு. அதைக் கேள்விப்படும் அம்மாவுக்கு மனசு வலிக்கும். ஆனாலும் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்த பிள்ளை அது.