கடை வாடகையும் கரண்ட் பில்லும் கடன் வரலாறு ஆகுமா?



"பத்து வருஷமாக ஒரு மாதம் தவறாமல் கடை வாடகை கொடுக்கிறேன், கரண்ட் பில் ஒரு நாள் பிந்தியதில்லை. பேங்கில் கடன் கேட்டால் உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?" காரைக்கால் பாரதியார் வீதியிலும் திருநள்ளாறு சாலையிலும் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் வங்கி சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

கடன் வரலாறு என்பது வங்கி மேலாளர் தம் மனதில் வைத்திருக்கும் அபிப்பிராயம் அல்ல. அது 2005ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி பராமரிக்கப்படும் பதிவு. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தப் பதிவை வைத்திருக்கின்றன. வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள், கிரெடிட் கார்டு கொடுப்பவர்கள் முதலானோர், தாம் கொடுத்த கடன் ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வருகிறது என்பதை இவற்றுக்குத் தெரிவிக்கிறார்கள். உங்கள் கட்டட உரிமையாளர் கடன் கொடுக்கும் நிறுவனம் அல்ல. புதுச்சேரி மின்துறையும் அல்ல. எனவே நீங்கள் கொடுக்கும் வாடகையும் கட்டும் மின்கட்டணமும் அந்தப் பதிவேட்டை எட்டுவதே இல்லை. மொத்த வியாபாரியிடம் வைத்திருக்கும் பற்றுவரவும், தெரிந்தவர்களிடம் போடும் சீட்டும், அடகுக்கடைக் கடனும் இப்படித்தான். நாணயம் இருக்கிறது, ஆனால் அது பதிவில் ஏறவில்லை.

அமெரிக்காவில் எக்ஸ்பீரியன் நிறுவனம் 2019இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் சம்மதித்தால் அவர் கட்டும் மின்சார, தொலைபேசிக் கட்டணங்களை மதிப்பெண்ணில் சேர்ப்பது அதன் ஏற்பாடு. நம்மூர்க் குடும்பங்கள் பல குடியேறியிருக்கும் பிரான்சிலோ நிலைமை வேறு. அங்கே பிரான்சு வங்கி வைத்திருக்கும் பதிவேட்டில் கடனைக் கட்டத் தவறியவர்களின் பெயர்தான் ஏறும். ஒழுங்காகக் கட்டியவருக்கு அதில் மதிப்பெண் கிடையாது. ஆகவே பாரிசிலுள்ள உறவினர் சொல்வதையோ, அமெரிக்கச் செய்தியையோ வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது.

அப்படியானால் வாடகையும் கரண்ட் பில்லும் பயனற்றவையா? இல்லை. கடன் மனுவை வங்கி இரண்டு கேள்விகளால் எடை போடுகிறது. முன்பு வாங்கிய கடனை இவர் எப்படிக் கட்டினார் என்பது முதல் கேள்வி. மாதாமாதம் தவணை கட்ட இவர் கையில் என்ன மிஞ்சும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு வாடகை பதில் சொல்லாது, இரண்டாவதற்குச் சொல்லும். அதற்கு ஒரே நிபந்தனை, அது வங்கிக் கணக்கில் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரர் குளிர்பெட்டிக்கும் அடுக்குகளுக்கும் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். மாத விற்பனை 3,60,000 ரூபாய். பத்து சதவீதம் லாபம் என்றால் 36,000. இதில் வாடகை 9,000, கரண்ட் 2,400, ஆள் சம்பளம் 10,000 போக மிச்சம் 14,600. 12 சதவீத வட்டியில் 36 மாதத்துக்கு 3 லட்சம் வாங்கினால் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். குடும்பச் செலவுக்கு 4,636 தான் நிற்கும், மேலாளர் தயங்குவார். ஒன்றரை லட்சம் என்றால் தவணை 4,982. வீட்டுக்கு 9,618 நிற்கும். இப்போது பேச இடமிருக்கிறது.

ஆனால் இதே மனிதர் விற்பனைப் பணத்தில் பாதியைத்தான் கணக்கில் போடுகிறார், வாடகையை ரொக்கமாகக் கொடுக்கிறார் என்று வையுங்கள். மேலாளர் கண்ணுக்கு விற்பனை 1,80,000, லாபம் 18,000. வாடகை எவ்வளவு என்பது வாய்ச்சொல். அவர் சொல்லும் செலவுகளைக் கழித்தால் கடையே நஷ்டத்தில் ஓடுவதாகக் கணக்கு வரும். கடையில் குறையில்லை, காகிதத்தில்தான் குறை.

இதைச் சரிசெய்யக் கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்து, விற்பனைப் பணம் முழுவதையும் அதில் போடுங்கள். வாடகையை மாதத்தில் ஒரே தேதியில் அதிலிருந்தே உரிமையாளர் கணக்குக்கு அனுப்புங்கள். அவர் ரொக்கமே வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு வேண்டும். வாடகை ஒப்பந்தம் காலாவதியாகாமல் இருக்கட்டும். இன்னொரு சிக்கல், பெரும்பாலும் மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். பில்லை மட்டும் காட்டினால் அது உங்கள் செலவு என்று தெரியாது. உங்கள் கணக்கிலிருந்தே கட்டி, இணைப்பு எண்ணை ஒப்பந்தத்திலும் எழுதிவையுங்கள். இப்படிப் பன்னிரண்டு மாதம் நடந்த கணக்கு விவரத்தோடு வங்கிக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு எடை கிடைக்கும்.

இனி முதல் கேள்வி. கடன் வரலாறு வேண்டுமானால் பதிவில் ஏறும் கடன் ஒன்று வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பண்டிகைச் சரக்குக்கு நகையை அடகு வைப்பதாக இருந்தால், அடகுக்கடைக்குப் பதில் வங்கியில் வைத்துக் குறித்த நாளில் மீட்டாலே அது பதிவாகும். ஆனால் பதிவு இரண்டு பக்கமும் வெட்டும். தவணை தவறினால் எத்தனை நாள் தவறியது என்பதும் ஏறும். பிறர் கடனுக்கு ஜாமீன் போட்டு அவர் கட்டாமல் விட்டால் அது உங்களையும் பாதிக்கும்.

வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால் மதிப்பெண் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். அங்கே பதிவாவது வாடகை அல்ல, கார்டு பாக்கி. கார்டை முழுதாக அடைக்காவிட்டால் வட்டியும் போகும், மதிப்பெண்ணும் இறங்கும்.

முதன்முறை கடன் கேட்பவரின் மனுவைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் தேதி வழிகாட்டுதலில் அறிவுறுத்தியுள்ளது. எனவே மேலாளர் மறுத்தால் காரணம் என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் வேறு காரணம் சொல்லலாம். அது தெரிந்தால்தான் அதைத் திருத்த முடியும். நான்கு நிறுவனங்களும் ஆளுக்கொரு முறை, ஆண்டுதோறும் உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மனுப் போடுமுன் அதை வாங்கிப் பாருங்கள். அடைத்த கடன் பாக்கியாகவோ, வாங்காத கடன் உங்கள் பெயரிலோ இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு.