விரல் ஓய்ந்தாலும் விழி ஓயாதது ஏன்?

2001-ஆம் ஆண்டு ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்திருந்தார். சிரி ஃபோர்ட் அரங்கில் உரையாற்றினார். அவருடைய சக்கர நாற்காலி ஏறுவதற்காகக் குதுப் மினாரிலும் ஜந்தர் மந்தரிலும் மரப்பலகையால் சாய்தளம் போட்டார்கள். கையிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தித்தான் அவர் கணிப்பொறி வழியாகப் பேசினார். கைகால்கள் ஏறக்குறைய அசைவற்றுப் போயிருந்தன. ஆனால் கண்கள் மட்டும் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

அவருக்கு இருந்தது மோட்டார் நியூரான் டிசீஸ், அதாவது இயக்க நரம்பணு நோய். 1963-இல், 21 வயதில் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்தார். அது மிக அபூர்வம். பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கிய பின் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளே கிடைக்கின்றன. ஹாக்கிங்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது நம்மவர் ஒருவரைப் பற்றி.

மருத்துவக் கல்லூரியில் பல வருடம் உடலியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், கரோல் பாகில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 58. வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றார். வலது கையை விரித்துக் காட்டச் சொன்னேன். கட்டை விரலின் அடியில் மேடாக இருக்கவேண்டிய சதை குழி விழுந்திருந்தது. மேல் கையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் சிறு துடிப்புகள். மரத்துப் போகிறதா என்று கேட்டேன். "இல்லை சார், நன்றாகத் தெரிகிறது. பலம்தான் இல்லை" என்றார்.

ஏற்கெனவே ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி, ஆறு மாதமாகக் கழுத்துப் பட்டை போட்டிருந்தார்கள். இதில் முழுத் தவறென்று சொல்ல முடியாது. 58 வயதில் யார் கழுத்தை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியும். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கைச்சதை வற்றலாம். ஆனால் அப்படி அழுந்தினால் பெரும்பாலும் வலியோ மரமரப்போ கூட வரும். அது இங்கே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். ஓரங்களில் சுருங்கி, ஒரு பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. நாக்குக்குப் போகும் நரம்பு கழுத்தெலும்புக்கு மேலே, மூளைத்தண்டிலிருந்து புறப்படுகிறது. கழுத்துத் தேய்மானம் நாக்கை வற்ற வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனத்தது.

(ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணிமையோ ஆடுசதையோ துடித்த மாத்திரத்தில் யாரும் பயப்பட வேண்டாம். பலமும் சதையும் குறையாமல் வரும் துடிப்பு ஆரோக்கியமான பலருக்கும் உண்டு.)

தசை ஏன் வற்றுகிறது? மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்க நரம்பணு முதுகுத் தண்டுவடத்தின் முன்பக்கத்திலுள்ள இன்னொரு நரம்பணுவுக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்த இரண்டாவது அணு நீண்ட இழையை நீட்டித் தசை நார்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்நோயில் இரண்டு வகை அணுக்களும் இறக்கின்றன. மேலே உள்ளவை இறந்தால் தசை விறைக்கும். கீழே உள்ளவை இறந்தால் தசை வற்றும். தசை நாருக்கு நரம்பின் தொடர்பு ஆணை மட்டுமல்ல, ஆகாரமும்கூட. மாவுக்கட்டு போட்ட கால் மெலிந்தாலும் பிறகு நடந்தால் தேறிவிடும். நரம்பை இழந்த நார் அப்படித் தேறாது.

ஒரு அணு இறந்ததும் அது விட்டுச்சென்ற நார்களைப் பக்கத்து அணுக்கள் புதுக் கிளை விட்டுத் தத்தெடுத்துக்கொள்கின்றன. அதனால் கணிசமான அணுக்கள் போகும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு, பாரம் கூடிய அந்த அணுக்களும் விழும்போது பெரிய பெரிய கொத்தாக நார்கள் அனாதையாகின்றன. நண்பர் சாவியில் தடுமாறிய அன்று நோய்க்கு வயது ஒன்றிரண்டு ஆண்டாகக்கூட இருந்திருக்கலாம்.

உணர்ச்சி ஏன் தப்பியது? கைக்குப் போகும் நரம்பு ஒரே கயிறு போலத் தெரிந்தாலும் அதில் போகும் கம்பியும் வரும் கம்பியும் வேறு வேறு. உணர்வைக் கொண்டுவரும் அணுவின் உடல் தண்டுவடத்துக்குள் இல்லை. அதற்கு வெளியே, பக்கவாட்டில் ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. நோய் தாக்குவது கயிற்றை அல்ல, குறிப்பிட்ட வகை அணுவை. நண்பருக்கு நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்த்த சோதனையிலும் இதுவே தெரிந்தது. கட்டை விரல் தசையின் பதில் மிகவும் குறைந்திருந்தது. அதே கையில் உணர்வு நரம்பின் பதில் குறையவில்லை.

கண் கதை இன்னும் நுட்பமானது. கண்ணை அசைக்கும் அணுக்களும் இயக்க நரம்பணுக்கள்தானே? ஆனால் அவற்றின் வேலை இலேசு. ஆடுசதையில் ஒரு அணு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களைச் சுமக்கிறது. கண் தசையில் ஒரு அணுவுக்குப் பத்து நார் அளவுதான். அதோடு, தூண்டுதல் அதிகமாகும்போது அணுவுக்குள் புகும் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் புரதங்கள் கண் அணுக்களில் கூடுதல். கைவிரல் அணுக்களில் பலவற்றை மூளை மேற்பரப்பு நேரடியாகத் தொடுகிறது. கண் அணுக்களுக்கு ஆணை இடைநிலையங்கள் வழியாகவே வருகிறது. இவற்றில் எது முதன்மைக் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளின் அணுக்களும் பெரும்பாலும் இதேபோல் தப்பிவிடுகின்றன.

'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-இல் ஒரு தனி வகையை எழுதினார்கள். உலக மருத்துவ நூல்களில் அதன் பெயரே 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்'. இளம் வயதில் தொடங்கும், கைகால் மெலியும், பேச்சு குழறும், ஆனால் பல்லாண்டுகள் மெதுவாகவே நகரும். அதில் காது கேட்பது குறைந்துவிடும். செவி நரம்பு உணர்வு நரம்பு. அதற்குக் கிடைக்கவேண்டிய விதிவிலக்கு அங்கே கிடைக்கவில்லை. அதேபோல் சுவாசக் கருவியில் பல ஆண்டு வாழ்பவர்களில் சிலருக்குக் கடைசியில் கண்ணசைவும் குறைகிறது.

பதினெட்டு மாதத்தில் நண்பர் கட்டிலோடு கிடந்தார். பேச்சும் நின்றுவிட்டது. ஒரு நாள் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்து, "டாக்டர் சார், கை குச்சியாகிவிட்டதே, தொட்டால் அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எல்லாமே தெரியும் மாமி என்றேன். கொசு கடிப்பது தெரியும், சொறியத்தான் முடியாது. தில்லிக் குளிரில் பாதம் சில்லிட்டுப் போவது தெரியும். தோளைத் தாங்க தசை இல்லாததால், கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு உயிர் போகிற மாதிரி வலிக்கும். முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொன்னேன். மாமி சற்று நேரம் பேசவில்லை. தூக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் நீர் வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது என்றார்.

பிறகு ஒரு அட்டை செய்தோம். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, தில்லிவாசிக்குத் தவிர்க்க முடியாத ஜ, ஷ, ஸ, ஹ நான்கு, மீதிக் கட்டத்தில் 'தவறு'. மாமி வரிசையைச் சுட்டிக்கொண்டே வருவார். சரியான வரிசையில் அவர் கண்ணை மேலே உயர்த்துவார். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து. 'தண்ணீர்' என்று சொல்ல த், அ, ண், ண், ஈ, ர் என ஆறு எழுத்துகள். முதல் நாள் அதற்கு நான்கு நிமிடம் பிடித்தது. ஒரு வாரத்தில் இரண்டு எழுத்திலேயே மாமி ஊகித்துவிடுவார், தப்பாக ஊகித்தால் அவர் கண் 'தவறு' கட்டத்துக்குப் போகும். அவர் முதலில் எழுதிய முழு வாக்கியம், இடது தோளுக்கடியில் துணி மடிந்திருக்கிறது என்பது. எடுத்துப் பார்த்தோம், மடிந்துதான் இருந்தது.